மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு ஒரே நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று பேர் பகுதி பகுதியாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டிவிட்டோம். நடையைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது?

கலைச்சொல்லிலிருந்து. அது முடிந்ததும் வினைச்சொற்களின் காலம். அப்புறம்தான் கட்டுரையில் யார் பேசுவது என்ற விஷயம். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். வாக்கியத்தை முதலில் அழகாகச் செதுக்கிவிட்டுப் பிறகு அதிலுள்ள சொல்லை மாற்றினால், அதே வாக்கியத்தை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கற்பனைக் கட்டுரைதான், ஆனால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழ்க் கல்வி ஆய்வு செய்பவர்களுக்கு முகம் தெரிந்த ஆள் போல இருக்கும். ஆண்டு 4 மாணவர்கள் தமிழ்க் கட்டுரை எழுதும்போது லகர, ளகர, ழகரத்தை எப்படி மாற்றி எழுதுகிறார்கள் என்பது பொருள். முன்னுரையும் முன்னாய்வுகளும் கோலாலம்பூரில் இருக்கும் மூத்த விரிவுரையாளர் எழுதியவை. முறையியல் பட்டர்வர்த்தில் பாடம் நடத்தும் தமிழாசிரியை எழுதியது. கண்டறிவுகளும் கலந்துரையாடலும் முதுகலை மாணவர் ஒருவருடையவை. மூவருமே நன்றாக எழுதுபவர்கள். சேர்த்துப் படித்தால் மட்டும் மூன்று கட்டுரைகள் போலத் தெரிகிறது.

ஒருவர் ‘பிழை’ என்கிறார், இன்னொருவர் ‘தவறு’ என்கிறார். எல்லாவற்றையும் ‘பிழை’ என்று மாற்றிவிடலாமா?

கேட்காமல் மாற்றாதீர்கள். இந்த இரண்டு சொற்களே போதும், கட்டுரையைக் கெடுக்க.

மொழியியலாளர் பிட் கோர்டர் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலிருந்து, மொழி கற்பித்தல் ஆய்வில் இவை இரண்டு வேறு பொருள்கள். மாணவருக்கு விதியே இன்னும் பிடிபடவில்லை, அதனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மாற்றி எழுதுகிறார் என்றால் அது ஒரு வகை. விதி தெரியும், களைப்பிலோ அவசரத்திலோ கை தடுமாறியது என்றால் அது வேறு வகை. முதல் வகையைப் பிழை என்றும் இரண்டாவதைத் தவறு என்றும் தமிழில் பிரித்துச் சொல்ல முடியும். நம் மூத்த விரிவுரையாளர் முன்னாய்வுப் பகுதியில் அப்படித்தான் பிரித்திருக்கிறார். தமிழாசிரியைக்கு இரண்டும் ஒன்றே. வகுப்பறையில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்? அவருடைய பகுதியில் ‘எழுத்துத் தவறுகள் எண்ணப்பட்டன’ என்று வருகிறது. மாணவர் கண்டறிவுகளில் ஓரிடத்தில் ‘பிழை’, ஓரிடத்தில் ‘தவறு’, அட்டவணைத் தலைப்பில் ‘வழு’ என்றுகூட எழுதியிருக்கிறார். பள்ளியில் ‘ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே’ என்று சொல்லிக் கொடுத்ததன் விளைவு அது.

இப்போது எல்லாவற்றையும் ‘பிழை’ ஆக்கினால் படிக்க ஒழுங்காக இருக்கும். ஆனால் முன்னாய்வில் பிரித்துச் சொன்னது பொருளற்றுப் போகும். மாறாக, ஆசிரியையின் ‘தவறு’ என்பதை அப்படியே விட்டால், விதி தெரிந்தும் கை தடுமாறிய இடங்களை மட்டுமே அவர் எண்ணினார் என்று படிப்பவர் நினைப்பார். எனவே கேட்க வேண்டியது மொழிக் கேள்வி அல்ல, ஆய்வுக் கேள்வி: ‘டீச்சர், எண்ணும்போது இரண்டையும் பிரித்தீர்களா?’

பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும். பிரித்திருந்தால், எப்படிப் பிரித்தார் என்பதை முறையியலில் ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். மாணவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, கோடிட்ட சொல்லைத் தானே திருத்த முடிகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. அதே சொல் கட்டுரையில் வேறு இடங்களில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. பிரிக்கவில்லை என்றால், முன்னாய்வில் அந்த வேறுபாட்டைச் சொன்னபின் ‘இந்த ஆய்வு இரண்டையும் பிரிக்கவில்லை, இரண்டையும் சேர்த்துப் பிழை என்றே குறிக்கிறது’ என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கட்டுரை முழுவதும் ‘பிழை’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘வழு’ இரண்டு நிலையிலும் போகட்டும். அதற்கென்று தனிப் பொருள் யாரும் வைத்திருக்கவில்லை.

மற்ற இணைகளையும் இதே கேள்வியால் சோதியுங்கள். ‘மாணவர்’, ‘கற்போர்’, ‘பயிலாளர்’ மூன்றும் ஒரே 36 பேரைக் குறித்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். ‘பாடத்திட்டம்’, ‘கலைத்திட்டம்’ அப்படி அல்ல. கலைத்திட்டம் பெரியது, பாடத்திட்டம் அதற்குள் அடங்குவது. மலேசியாவில் 2011-இல் அறிமுகமான தொடக்கப்பள்ளிச் சீர்தரக் கலைத்திட்டம் முழுவதையும் ஒருவர் பாடத்திட்டம் என்று எழுதியிருந்தால் அதைத் திருத்த வேண்டும். தமிழ்மொழிப் பாடத்துக்கு மட்டும் உரியதைச் சொல்லும் இடத்தில் அந்தச் சொல்லைத் தொட வேண்டாம்.

முடிவு செய்த சொல்லை கணினியில் Replace All கொடுத்து மாற்றினால் ஐந்து நிமிட வேலைதானே?

தமிழில் அது ஐந்து நிமிடத்தில் ஐம்பது பிழைகளை உருவாக்கும். நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது உடல் மாறுகின்றன. பக்கத்துச் சொல்லையும் மாற்றுகின்றன.

‘கேள்வி’ என்பதை ‘வினா’ ஆக்கிப் பாருங்கள். ‘கேள்விகள்’ என்பது ‘வினாகள்’ ஆகும், வேண்டியது ‘வினாக்கள்’. ‘கேள்வியை’ என்பது ‘வினாயை’ ஆகும், வேண்டியது ‘வினாவை’. ‘கேள்விப்பட்டோம்’ என்று எங்காவது இருந்தால் ‘வினாப்பட்டோம்’ என்று அச்சேறும். ‘எழுத்துத் தவறு’ என்பதில் ‘தவறு’ மட்டும் மாறினால் ‘எழுத்துத் பிழை’ என்று நிற்கும்; முன்சொல்லின் ஒற்றும் ‘எழுத்துப்’ என்று மாற வேண்டும். ‘தவறு’ என்று தேடினால் ‘தவற்றை’யும் ‘தவறான’ என்பதும் அகப்படாது. சரி, அடியை மட்டும் தேடலாம் என்று ‘தவற’ என்று கொடுத்து மாற்றினால், ‘மாணவர்கள் தவறாமல் வந்தனர்’ என்ற வாக்கியம் சிதையும்.

ஆகவே Find மட்டும் பயன்படுத்துங்கள், ஒவ்வொன்றாக நின்று மாற்றுங்கள். Track Changes போட்டுக்கொண்டு செய்தால் மற்ற இருவரும் பிறகு பார்க்கலாம்.

இன்னொரு வம்பு கண்ணுக்கே தெரியாதது. மூவரும் வெவ்வேறு விசைப்பலகையில் தட்டியிருப்பார்கள். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் (U+0BCA) இருக்கலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறியீடுகளாகவும் (U+0BC6, U+0BBE) இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, சில மென்பொருள்களின் தேடலில் இரண்டும் வேறு. ‘மௌனம்’ என்பதை ளகரம் போட்டு ‘மெளனம்’ என்று தட்டியிருப்பதும் அடிக்கடி நடக்கும். லகர ளகர மயக்கம் பற்றிய கட்டுரையில் இது வேறு வேண்டுமா! கண்டுபிடிக்கும் வழி எளிது: ஒரு சொல் ஒரு பகுதியில் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் Find அதைத் தாண்டிப் போகிறது என்றால் இதுதான் காரணம். அந்தப் பகுதியில் அந்தச் சொல்லை ஒருமுறை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய பத்தி என்றால் எழுத்துருவை மாற்றியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

முறையியல் பகுதியில் ‘தேர்ந்தெடுக்கப்படுவர்’, ‘எழுதுவர்’ என்று எதிர்காலத்தில் இருக்கிறது. இறந்தகாலமாக மாற்றினால் போதுமா?

போதாது. அந்த எதிர்காலம் ஓர் எச்சரிக்கை. மலேசியப் பள்ளிகளில் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். அதற்கு ஆய்வு முன்மொழிவு கொடுக்க வேண்டும். அந்த முன்மொழிவில் எழுதியதே பல நேரம் கட்டுரையின் முறையியலாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. எனவே எதிர்காலத்தில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் திட்டத்தைத்தான் சொல்கிறது, நடந்ததை அல்ல.

நம் எடுத்துக்காட்டில் ஆசிரியை எழுதியது இது:

‘பினாங்கு மாநிலத்தின் இரண்டு தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஆண்டு 4 மாணவர்கள் 40 பேர் தேர்ந்தெடுக்கப்படுவர். ஒவ்வொருவரும் இரண்டு கட்டுரைகள் எழுதுவர்.’

வினைமுற்றை மட்டும் மாற்றினால் ‘40 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வொருவரும் இரண்டு கட்டுரைகள் எழுதினர்’ என்று வரும். இலக்கணம் சரி, செய்தி பொய். கண்டறிவுப் பகுதியின் அட்டவணையில் 36 பேர்தான் இருக்கிறார்கள். விசாரித்தால் நான்கு பேரின் பெற்றோர் ஒப்புதல் தரவில்லை, ஒரு பள்ளியில் பள்ளி நிகழ்ச்சி குறுக்கிட்டதால் இரண்டாவது கட்டுரை எழுதப்படவில்லை என்று தெரிகிறது. திருத்திய வடிவம் இப்படி இருக்க வேண்டும்:

‘பினாங்கு மாநிலத்தின் இரண்டு தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஆண்டு 4 மாணவர்கள் 40 பேரைத் தேர்ந்தெடுத்தோம். பெற்றோர் ஒப்புதல் கிடைத்த 36 பேர் பங்கேற்றனர். முதற்பள்ளி மாணவர்கள் இரண்டு கட்டுரைகளும் இரண்டாம் பள்ளி மாணவர்கள் ஒரு கட்டுரையும் எழுதினர்.’

கடைசி வாக்கியம் வந்தபிறகு கண்டறிவுப் பகுதிக்கும் வேலை வருகிறது. இரண்டு பள்ளிகளின் மொத்தப் பிழைகளை நேரடியாக ஒப்பிட்டிருந்தால் அந்த ஒப்பீடு நிற்காது. ஒரு கட்டுரைக்கு எத்தனை, அல்லது நூறு சொல்லுக்கு எத்தனை என்று மறுபடி கணக்கிட வேண்டும். காலத்தைத் திருத்தப் போய்க் கணக்கைத் திருத்த நேர்வது சலிப்பாகத்தான் இருக்கும். மதிப்பீட்டாளர் சொல்லி அதைச் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

முன்னாய்வுகளில் ‘கூறினார்’, ‘கூறுகிறார்’, ‘கூறியுள்ளார்’ மூன்றும் கலந்து வருகின்றன. எது சரி?

மூன்றும் சரியான தமிழ்தான், கலந்து வருவதுதான் குறை. அனுப்பப்போகும் இதழ் ஏபிஏ முறையைக் கேட்டால், முன்னாய்வை இறந்தகாலத்திலோ ‘கூறியுள்ளார்’ என்ற வடிவிலோ சொல்லச் சொல்கிறது அந்த முறை. நான் வைத்துக்கொள்ளும் வழக்கம் இது: ஒருவர் ஓர் ஆண்டில் செய்த ஆய்வின் முடிவு என்றால் ‘கண்டறிந்தார்’, பலர் தொடர்ந்து சொல்லிவரும் கருத்து என்றால் ‘கூறியுள்ளனர்’. இலக்கண நூல் விதிக்கு மட்டும் ‘கூறுகிறது’. ‘கிறது’, ‘கின்றது’ என்ற இரண்டில் ஒன்றையும், ‘கூறினர்’, ‘கூறினார்கள்’ என்ற இரண்டில் ஒன்றையும் தேர்ந்துகொள்ளுங்கள். எதுவானாலும் பரவாயில்லை.

கலந்துரையாடல் பகுதிக்கு எந்தக் காலம்?

இங்கே காலம் மாறினால் நீங்கள் உரிமை கோருவதே மாறும். இந்த மூன்றையும் பாருங்கள்:

‘மாணவர்கள் ழகரத்துக்கு ளகரம் எழுதினர்.’
‘மாணவர்கள் ழகரத்துக்கு ளகரம் எழுதுகின்றனர்.’
‘மாணவர்கள் ழகரத்துக்கு ளகரம் எழுதுவர்.’

முதலாவது, நம் 36 பேர் அன்று செய்தது. இரண்டாவது, இன்றைய மாணவர்கள் பொதுவாகச் செய்வது. மூன்றாவது பார்க்க எதிர்காலம் போல இருந்தாலும், எப்போதும் உள்ள இயல்பைச் சொல்வது. ‘கிளி பேசும்’ என்கிறோமே, அந்தக் காலம். இரண்டு பள்ளி ஆய்வு முதல் வாக்கியத்தை மட்டுமே தாங்கும். முதுகலை மாணவர் உற்சாகத்தில் இரண்டாவதையோ மூன்றாவதையோ எழுதியிருப்பார். நடையை ஒன்றாக்குகிறேன் என்று எல்லாவற்றையும் நிகழ்காலமாக்கினால், இரண்டு பள்ளிக்காக எழுதிய முடிவு நாடு முழுவதுக்கும் ஆகிவிடும்.

அதனால் கண்டறிந்தது இறந்தகாலம், அதற்கு நாம் தரும் விளக்கம் நிகழ்காலம்: ‘ழகரத்துக்கு ளகரம் எழுதினர். இரண்டு ஒலிகளும் பேச்சில் ஒன்றாக ஒலிப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறோம்.’ அட்டவணை பற்றிப் பேசும்போது நிகழ்காலமே இயல்பு: ‘அட்டவணை 2 காட்டுகிறது’. அட்டவணை இன்னும் அங்கேதானே இருக்கிறது.

‘நாம்’, ‘நாங்கள்’, ‘ஆய்வாளர்’, இல்லாவிட்டால் ‘செய்யப்பட்டது’. எதை வைப்பது?

என் தேர்வு ‘நாங்கள்’. இடைநிலைப்பள்ளியிலிருந்தே ‘ஆய்வில் தன்மை கூடாது’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஏபிஏ முறை தன்மையை அனுமதிக்கிறது, கட்டுரையாளர் தம்மையே படர்க்கையில் சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறது. இதழ் வெளிப்படையாகத் தடுத்தால் மட்டும் வேறு வழி பாருங்கள்.

‘நாம்’ வேண்டாம் என்பதற்குக் காரணம், அது படிப்பவரையும் சேர்த்துக்கொள்வது. ‘நாம் 40 பேரைத் தேர்ந்தெடுத்தோம்’ என்றால் படிப்பவரும் பட்டர்வர்த்துக்கு வந்தார் என்று ஆகிறது. ‘அட்டவணை 3-இல் நாம் காண்பது’ என்றால் சரி, அங்கே அவரும்தான் காண்கிறார்.

‘ஆய்வாளர்’ முதுகலை ஆய்வேட்டிலிருந்து வந்த பழக்கம். அங்கே ஒருவர்தான் இருப்பார். இங்கே மூவர் இருக்கும்போது ‘ஆய்வாளர் வகுப்பைக் கவனித்தார்’ என்றால் யார்? முன்னாய்வுப் பகுதியில் அதே சொல் பிறரையும் குறிக்கிறது. ‘ஆசிரியர்’ இன்னும் ஆபத்து: கட்டுரை எழுதியவரா, வகுப்பாசிரியரா? எழுதியவர்களைக் ‘கட்டுரையாளர்’ என்றும், ‘ஆசிரியர்’ என்றால் பள்ளியில் கற்பிப்பவர் மட்டுமே என்றும் முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள்.

‘செய்யப்பட்டது’ என்பதை ஒரேயடியாக ஒழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யாரால்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தாள்கள் ஒளிநகல் எடுக்கப்பட்டன’: யாராயிருந்தால் என்ன, விடுங்கள். ‘விடைத்தாள்கள் திருத்தப்பட்டன’: இங்கே பதில் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் திருத்தியவர் முதற்பள்ளி மாணவர்களின் வகுப்பாசிரியை, அவரே கட்டுரையாளர்களில் ஒருவர். அவருக்கு அந்தப் பள்ளியின் ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் தெரியும். இன்னொருவர் தனியாகத் திருத்தி ஒப்பிட்டாரா என்று மதிப்பீட்டாளர் கட்டாயம் கேட்பார். ‘முதற்பள்ளி வகுப்பாசிரியராகிய இரண்டாம் கட்டுரையாளர் திருத்தினார், மூன்றாம் கட்டுரையாளர் பெயர் மறைத்த படிகளை மறுபடி திருத்தினார்’ என்று எழுதினால் முடிந்தது. அப்படி இரண்டாவது திருத்தம் நடக்கவே இல்லை என்றால், அது தெரியவேண்டியதும் இப்போதுதான்.

எதையெல்லாம் ஒன்றாக்கக் கூடாது?

மாணவர் எழுதிய வாக்கியங்கள், நேர்காணலில் ஒருவர் சொன்னது, வினாநிரலில் உண்மையில் கேட்ட கேள்வி, பிறர் நூலிலிருந்து எடுத்த மேற்கோள். வினாநிரலில் ‘தவறு’ என்று கேட்டிருந்தால் பின்னிணைப்பிலும் அப்படியே இருக்கட்டும். நம் கட்டுரையில் மாணவரின் எழுத்துப்பிழைதான் தரவு. கணினியின் பிழைதிருத்தி அதைத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர் எழுதிய பகுதியில் கை வைக்கச் சங்கடமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

அவருடைய வாக்கியத்தைத் திருத்தி அனுப்பாதீர்கள், கேள்வியாக அனுப்புங்கள். ‘ஐயா, 2-ஆம் பகுதியில் தவறு என்பதைப் பிழையிலிருந்து பிரித்திருக்கிறீர்கள். டீச்சர் எண்ணும்போது பிரிக்கவில்லை. அப்படியே வைத்து ஒரு குறிப்புச் சேர்க்கவா, பிரிவை எடுத்துவிடவா?’ இதில் அவர் எழுதியது குறை என்று எங்கும் வரவில்லை. முடிவும் அவர் கையில். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்துவிடும். அந்தப் பதிவிலுள்ள முடிவை உடனே சொற்பட்டியலில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதே பேச்சு மறுபடி நடக்கும்.

திருத்தும் வேலை முழுவதும் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். அவர் வேலை செய்யும் நாட்களில் மற்றவர்கள் கோப்பைத் தொடாமல், சொல்ல வேண்டியதைக் கருத்துரையாக மட்டும் போடட்டும். அவர் முதல் பெயர்க்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. மூவரில் குறைவாக எழுதியவராக இருந்தால் நல்லது. தன் நடைக்கே மற்ற இருவரையும் இழுக்கும் ஆசை அவருக்குக் குறைவு.

சொற்பட்டியலில் என்ன இருக்க வேண்டும்? இதழ் மலாயிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் கேட்கிறது.

ஒரு பக்கம் போதும். நான்கு நெடுவரிசை: நாம் வைத்துக்கொண்ட சொல், அதன் பொருள் ஒரு வரியில், விலக்கிய சொற்கள், அப்புறம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதற்கு ஈடானது. கடைசி நெடுவரிசை இல்லாவிட்டால் சுருக்கங்களை எழுதுபவர் தம் விருப்பத்துக்கு எழுதுவார். மலாயில் கெசாலாஹான், கெசிலாப்பான் இரண்டும் புழங்குகின்றன. தமிழில் பிழைக்கும் தவறுக்கும் பட்ட பாட்டை அங்கேயும் பட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு இதழுக்கு அனுப்பினால் ‘ஆண்டு 4’ என்பதை முதல் இடத்தில் ‘தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டு, 10 வயது’ என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள்.

எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேலிருந்து கீழாகப் படித்தால் தெரியாது. கதை இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் அட்டவணைத் தலைப்புகள், பகுதித் தலைப்புகள், சுருக்கம், திறவுச்சொற்கள் இவற்றை மட்டும் தனித்தாளில் நகலெடுத்துப் பாருங்கள். விலக்கிய சொற்கள் பதுங்குவது இங்கேதான். அடுத்து, முறையியலில் உள்ள வினைமுற்றுகளை மட்டும் கோடிட்டுக்கொண்டே போங்கள். ‘-வர்’, ‘-படும்’ என்று முடியும் ஒன்று அகப்பட்டாலும் அந்தப் பத்தியின் எண்களை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பிறகு, இந்த ஆய்வில் சேராத ஒரு நண்பரிடம் மூன்று பகுதிகளிலிருந்தும் ஒவ்வொரு பத்தியைக் கலைத்துக் கொடுத்து, எது யார் எழுதியது என்று பிரிக்கச் சொல்லுங்கள். சரியாகப் பிரித்துவிட்டால், எதை வைத்துப் பிரித்தார் என்று கேளுங்கள். வாக்கிய நீளத்தை வைத்து என்றால் விட்டுவிடலாம். சொல்லை வைத்தோ காலத்தை வைத்தோ என்றால் அந்தப் பத்திக்கு மறுபடி போக வேண்டும்.